நடந்து போன கூடாரம்

திங்கட்கிழமை வருகிறேன் என்று சொன்ன மண்வாரி வண்டி வெள்ளிக்கிழமையே வந்து நின்றால் மாலதி என்னதான் செய்வாள்? புன்னைக்குப்பத்து மணலில் அந்த மஞ்சள் வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றபோது அவள் அங்கன்வாடிக் கூடாரத்தில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். மணி பதினொன்றரை. ஆடி மாதக் காற்று வேறு காலையிலிருந்தே மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

வண்டிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் வைத்திலிங்கம். கடற்கரைச் சாலை வேலையை எடுத்தவரின் மேஸ்திரி. ஆள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது மனசு ஆறியிருக்கலாம்.

"திங்கக்கெழமன்னு தானங்க சொன்னீங்க?" என்றாள் மாலதி, கையில் ஒட்டிய மாவோடு.

"ஆமாம்மா, சொன்னேன். ஜல்லி லோடு இன்னிக்கே வருது. ரெண்டு மணிக்கு ஆறு லாரி வந்து கொட்டும். அந்தக் கல்லு வரைக்கும் ரோட்டு எடம். அதுக்குள்ள எது நின்னாலும் தள்ளிட்டுப் போவச் சொல்லி ஆர்டர். நானா தள்ளறேன்?"

அவர் காட்டிய எல்லைக்கல் வடக்கே நூற்றைம்பது எட்டு நடை தூரத்தில் இருந்தது. அதற்கு அப்பால் ஊருக்குச் சொந்தமான வலைத்திடல். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, அங்கன்வாடியை அங்கே வைத்துக்கொள்ள ஒரு வாரத்துக்கு முன்பே சம்மதம் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக மாற்றிக்கொள்ளலாம் என்று மாலதி இருந்தாள். அந்தச் சாவகாசத்தில்தான் மண் விழுந்தது.

இதில் இன்னொரு வினை. அன்று மூன்று மணிக்கு மேற்பார்வையாளர் இசைவாணி ஆய்வுக்கு வருகிறாள். சுனாமியில் அங்கன்வாடிக் கட்டடம் போய் ஒன்றரை வருஷமாகிறது. புன்னைக்குப்பத்து மையத்துக்குச் சொந்தமாக ஓர் இடமும் ஒரு கூரையும் இருக்கிறதா, இல்லையா என்று அவள் அன்று எழுதியாக வேண்டும். இல்லை என்று எழுதினால் மையத்தை மூடி, இருபத்திரண்டு பிள்ளைகளையும் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மையத்தோடு சேர்த்துவிடுவார்கள். சுனாமிக்கு அப்புறம் ஐந்து வாரம் அப்படித்தான் நடந்தது. அந்த ஐந்தாவது வாரத்தில்தான் ஆகாஷை லாரி இடித்தது. நான்கு வயசுப் பிள்ளை. உயிர் தங்கியது, இடது கால் சூம்பிவிட்டது. அன்றைக்கு அவன் கையைப் பிடித்திருந்தவள் மாலதி. ஒரு விநாடி விட்டாள், அவ்வளவுதான். அந்த ரோட்டை இனி ஒரு பிள்ளையும் தாண்டக் கூடாது என்று அவள் யாரிடமும் சத்தியம் செய்யவில்லை. ஆனால் ராத்திரி படுக்கும்போதெல்லாம் அதையே நினைத்தாள்.

"ரெண்டு மணிக்குள்ள எடுத்துடறோம்" என்றாள் வைத்திலிங்கத்திடம்.

"எடுத்துடுவியா? முழுசா ஒரு வீடு மாரி நிக்குது?"

"இது வீடு இல்லைங்க. மடிக்கிற சாமான்."

சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. இருக்காதா பின்னே?

அந்தக் கூடாரத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்கு அடுத்த மாசம் கிர்கிஸ்தானிலிருந்து நான்கு பேர் மருத்துவ முகாம் போட வந்தார்கள். தங்குவதற்கு அவர்களுடைய மலைநாட்டுக் கூடாரத்தையே கப்பலில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஆடு மாடு மேய்த்துக்கொண்டு மலைக்கு மலை மாறிப் போகிறவர்களின் வீடு அது. சிவப்புச் சாயம் பூசிய மெல்லிய மரப்பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, ஒன்றை ஒன்று வெட்டும் இடத்தில் துளை போட்டுத் தோல்வார் முடிச்சால் கோத்த தட்டிகள் ஐந்து. கடைவாசல் மடக்குக் கேட்டைப் போல இழுத்தால் விரியும், தள்ளினால் ஒடுங்கும். ஐந்தையும் வட்டமாக நிறுத்தி ஒன்றோடொன்று கட்டி, ஒரு வாசல்நிலையைச் சேர்த்துவிட்டால் சுவர் முடிந்தது. அதற்கு மேல் அறுபத்தைந்து கூரைக்கழிகள். அடி முனையைத் தட்டியின் உச்சியில் கட்டி, மேல் முனையை நடுவே இருக்கும் உச்சி வளையத்தின் துளைகளில் சொருக வேண்டும். நடுக்கால் கிடையாது. தரையில் குழி கிடையாது, ஆணி கிடையாது. அந்தக் குழுவில் இருந்த ஐனுரா என்கிற பெண் மாலதிக்குக் கைஜாடையிலேயே எல்லாம் காட்டிக் கொடுத்தாள். ஊருக்குத் திரும்பும்போது கூடாரத்தைப் பிள்ளைகளுக்கு என்று விட்டுப்போனாள்.

மேலே போர்த்த அவர்கள் கொண்டுவந்தது ஆட்டு ரோமத்தை நனைத்து, உருட்டி, அமுக்கியே செய்த தடித்த கம்பளம். நெய்தது இல்லை. பனிக்கு அது தெய்வம். நம்ம ஊர் மழைக்கு? ஐப்பசி மழையில் நனைந்து நனைந்து, ஆறு பேர் தூக்கினாலும் அசையாத கனமாகி, பூஞ்சை பிடித்து நாறிவிட்டது. மாலதி அழவில்லை. கம்பளத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுவருக்கு உள்ளும் புறமும் கோரைப்பாயும் கூரைக்கு நிவாரணத்தில் வந்த தார்பாயும் கட்டினாள். வெயில் நாளில் பாயின் அடியை முழங்கால் உயரத்துக்குச் சுருட்டிவிட்டால் கடல்காற்று உள்ளே நுழைந்து உச்சி வளையம் வழியாக வெளியேறும். தகரக் கொட்டகைக்காரர்கள் வெந்துகொண்டிருக்க, இவள் பிள்ளைகள் மத்தியானம் தூங்கின. அந்த வீடு கிர்கிஸ்தான்காரர்களுக்கு மட்டும் இல்லை, எங்களுக்கும்தான் என்று ஊர் சொல்லிக்கொண்டது.

முதல் வருஷத்தில் மூன்று தடவை இடம் மாற்றினார்கள். மாதா கோயில் மைதானத்திலிருந்து ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில், அங்கிருந்து திருவிழாத் திடல், அங்கிருந்து இங்கே. ஒவ்வொரு தடவையும் மொத்த அங்கன்வாடியும் ஒரே ஒரு மூன்று சக்கர மீன்வண்டியில் அடங்கியது. பிரிக்க முக்கால் மணி, நிறுத்த ஒரு மணி.

ஆகவே அன்றும் அவள் கணக்குப் போட்டாள். பன்னிரண்டேகாலுக்குப் பிரித்துவிடலாம், ஒன்றரைக்கு நிறுத்திவிடலாம், மூன்று மணிக்கு இசைவாணி வரும்போது பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். உதவிக்கு ஆயா சவரியம்மாள் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு என்று முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்த பக்கிரி மாமாவும் இருந்தார்.

பக்கிரி அவளுடைய தாய்மாமன். சிதம்பரத்தில் பந்தல்காரர். முப்பது வருஷமாகத் தேர்த் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் அந்தப் பக்கத்தில் அவர் போட்ட பந்தல் சாய்ந்ததாக ஒருத்தரும் சொன்னதில்லை. அதை அவரே ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லுவார்.

சவரியம்மாள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வாய்க்காலின் மேல் கிடந்த ஒற்றைப் பலகை வழியாக வலைத்திடலுக்கு நடத்திக்கொண்டு போனாள். மாலதியும் பக்கிரியும் தார்பாயை அவிழ்த்து இறக்கினார்கள். கோரைப்பாய்களைச் சுருட்டினார்கள். சிவப்பு மரக்கூடு மட்டும் வெயிலில் நின்றது. அப்போதுதான் மாலதி அதை முழுதாகப் பார்த்தாள்.

தட்டியின் ஒவ்வொரு குறுக்கிலும், தோல்முடிச்சுக்கு மேலே, கட்டுக்கம்பி.

ஒன்று இரண்டு இல்லை. மேலிருந்து கீழே வரை, ஒவ்வொரு வெட்டிலும் பெருக்கல் குறியாகச் சுற்றி, முறுக்கி, கொண்டைபோட்ட கம்பி. உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடித்து மரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. தட்டியும் தட்டியும் சேரும் இடத்தில் இரண்டு மடங்கு.

"மாமா, இது என்னா?"

"எது? ஓ, அதுவா." பக்கிரி மீசையைத் தடவிக்கொண்டார். "நீ போன கார்த்திகையில டிரெயினிங்குக்கு சிதம்பரம் போனியே, அப்ப நான் இங்க வந்து கட்டனது. தொட்டா ஆடிச்சு பாப்பா. ஆடற பந்தலு பந்தலா? புள்ளைங்க இருக்கற எடம். மூணு நாளு ஒண்டியாளா ஒக்காந்து கட்டனேன். கம்பி பத்தாமப் போச்சு, வாசப்பக்கத்துத் தட்டி ஒண்ணு மட்டும் பாக்கி."

மாலதி கிட்டே போனாள். தட்டியின் மேல் முனையைப் பிடித்துத் தள்ளினாள். கொஞ்சமும் அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். மரம் முனகியது, கம்பி கடித்துப் பிடித்துக்கொண்டது.

"மாமா, இது மடங்கணும்."

"மடங்கணுமா?"

"முடிச்சுல ஆடுனாத்தான் மடங்கும். அந்த ஆட்டத்துல தான் எல்லாமே இருக்குது. நீங்க அதக் கட்டிப் போட்டுட்டீங்க."

பக்கிரியின் கை மீசையை விட்டு இறங்கியது. அவரைச் சொல்லி என்ன? மாலதிக்குத் தன்மேலும் கோபம் வந்தது. டிரெயினிங் முடிந்து வந்து, சுவர் ஆடாமல் நிற்பதைத் தொட்டுப் பார்த்து, 'சூப்பரா கட்டியிருக்கீங்க மாமா' என்று போனில் சொன்னவளே அவள்தான். சுருட்டிய பாயின் அடியில் இரண்டு மூன்று கம்பியைப் பார்த்தபோதுகூட ஏதோ பழுது பார்த்திருக்கிறார் என்று விட்டுவிட்டாள். எட்டு மாசம். ஒரு தடவையாவது மடக்கிப் பார்த்திருக்கக் கூடாதா?

குறடு ஒன்றுதான் இருந்தது. பக்கிரி வெட்ட ஆரம்பித்தார். கைப்பிடி பழசு, கம்பி தடிப்பு, கொண்டை துருவில் இறுகியிருந்தது. ஒரு கம்பியை மரத்துக்குக் காயம் படாமல் எடுக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. மொத்தம் நானூறுக்குக் குறையாது. பத்து கம்பி எடுப்பதற்குள் பன்னிரண்டே கால் ஆகிவிட்டது. மண்வாரி ஓட்டுகிறவன் நிழலில் உட்கார்ந்து டிபன்பாக்ஸைத் திறந்தான்.

பக்கிரி வெட்டுவதை நிறுத்தினார். பெரிய பந்தல்காரர் அவமானப்பட்டால் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? தொழில்புத்திக்குத்தான் போவார். பந்தல் பிரிக்கிறவர்கள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு உட்காரமாட்டார்கள். அரிவாளை எடுத்துச் சரசரவென்று அறுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். பக்கிரி இடுப்பிலிருந்து கருக்கரிவாளை உருவினார். தட்டிகளின் மேல்பக்கத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு இறுக்கிக் கட்டியிருந்த நெய்த வாரின்மேல் அதை வைத்தார்.

"இதை அறுத்தா எல்லாம் தானா பிரியும்."

"மாமா, வேணாம்."

மாலதி ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அரிவாள் முனை வாரில் இரண்டு இழையை அறுத்திருந்தது.

"அது இடுப்புவாரு. அறுபத்தஞ்சு கழியும் கீழ எறங்கி சுவத்த வெளிய தள்ளிக்கிட்டே இருக்குது. இது ஒண்ணு தான் தள்ள விடாம புடிச்சிருக்குது. இத அறுத்தீங்கன்னா சுவரு விரிஞ்சு, உச்சி வளையம் நம்ம தலையில வந்து விழும். கூரைய எறக்கினதுக்கு அப்பறம் தான் வாரு."

பக்கிரி அரிவாளை எடுத்தார். மேலே பார்த்தார். சொருகிய கழிகள் எல்லாம் உச்சி வளையத்தில் முட்டிக்கொண்டு நின்றன. பந்தலில் பாரம் காலுக்கு இறங்கி மண்ணுக்குப் போகும். இங்கே பாரம் சுற்றிச் சுற்றி வந்து ஒரு வாரில் முடிகிறது என்பது அவர் முகத்தில் அப்போதுதான் ஏறியது.

"எனக்குத் தெரியாது பாப்பா" என்றார். அந்தக் குரலை மாலதி அதற்கு முன் கேட்டதில்லை.

மணி பன்னிரண்டரை. கூரைக்கழிகளை உருவி, சேர்மானக் கம்பிகளை வெட்டி, மடங்காத தட்டிகளை அப்படியே தூக்கிப்போய் அங்கே மறுபடி கட்டலாமா? சேர்மானத்தில் இரட்டைக் கம்பி. அதைப் பிரித்து, தூக்கி, கழி முழுவதையும் ஏற்றி முடிக்க நான்கு மணியாகும். அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஆகாஷ் வலைத்திடலிலிருந்து இழுத்து இழுத்து நடந்து வந்து, "டீச்சர், எங்க வூடு எப்ப வரும்?" என்று கேட்டான்.

அந்தப் பிள்ளை அதை அப்படித்தான் கேட்டது. வீட்டை எப்போது கட்டுவீர்கள் என்று கேட்கவில்லை. எப்போது வரும் என்று கேட்டது.

மாலதிக்கு ஐனுரா ஞாபகம் வந்தாள். மாதா கோயில் மைதானத்தில் முதல் தடவை நிறுத்தியபோது கூடாரம் தண்ணீர்க் குட்டையில் பாதி உட்கார்ந்துவிட்டது. மாலதி பிரிக்கப் போனாள். ஐனுரா சிரித்துக்கொண்டே தலையாட்டி, பத்துப் பேரை உள்ளே அழைத்து, தட்டியைப் பிடிக்கச் சொல்லி, நின்ற வாக்கிலேயே தூக்கிப் பத்தடி தள்ளி வைத்தாள். வாரும் வளையமும் சரியாக இருந்தால் அது ஒரே உடம்பு. பத்தடிக்குச் சரி. நூற்றைம்பது எட்டுக்கு? நடுவில் ஒரு வாய்க்கால் வேறு இருக்கிறது.

"மாமா, தூக்கிடலாம்."

"எத்த?"

"முழுசா. அப்படியே."

பக்கிரி அவளைப் பைத்தியம் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு தட்டியில் தோளைக் கொடுத்து லேசாக நிமிர்த்திப் பார்த்தார். ஒரு பக்கம் அலுங்காமல் எழும்பியது. "கனமில்ல" என்றார், நம்பாமல். "ஆளு வேணும். இருபது ஆளாச்சும் வேணும்."

ஊரில் ஆண்கள் யார் இருந்தார்கள்? எல்லாப் போட்டும் கடலில். காற்று ஜாஸ்தி என்பதால் சீக்கிரம் திரும்புவார்கள் என்று பெண்கள் கரையில் கூடையோடு நின்றார்கள். மாலதி அங்கே ஓடினாள். பன்னிரண்டே முக்கால், ஒரு மணி, ஒன்றேகால். கடலில் ஒரு புள்ளிகூட இல்லை. தூரத்து ரோட்டில் லாரி ஹாரன் கேட்டது. கடவுளே, இன்றைக்குப் பார்த்தா இவர்கள் நிறைய மீன் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஒன்றரைக்கு முதல் போட் தெரிந்தது. ஒன்றே முக்காலுக்கு நான்கு போட் கரையேறின. முதலில் குதித்தவர் காத்தவராயன். ஊரில் போட் ஏற்றும்போது குரல் கொடுக்கிறவர் அவர்தான். மாலதி மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். அவர் வலையை இறக்கக்கூட இல்லை.

"மீனு கெடக்கட்டும். வாங்கடா. நாலு போட்டு ஏத்தறவனுக்கு ஒரு கூடை தூக்கறது கஷ்டமா?"

பதினாறு ஆண்கள், எட்டுப் பெண்கள். மாலதி பாதிப் பேரை உள்ளே, பாதிப் பேரை வெளியே, எதிரும் புதிருமாக நிறுத்தினாள். இடுப்பு உயரத்தில் இருக்கும் குறுக்கைத்தான் பிடிக்க வேண்டும், தனிப்பட்டையைப் பிடிக்கக் கூடாது. எல்லாரும் ஒரே உயரம். ஒரு பக்கம் தாழ்ந்தால் கழிகள் வளையத்திலிருந்து நழுவும். அவளே உச்சி வளையத்தை ஏற்ற வைத்திருந்த கவைக்கம்பை எடுத்து, நடுவில் நின்று வளையத்துக்கு முட்டுக் கொடுத்தாள். நழுவினால் நேராக அவள் தலையில்தான் விழும்.

"அந்த எடத்துல நான் நிக்கறேன்" என்றார் பக்கிரி.

"உங்களுக்கு இதோட போக்கு தெரியாது மாமா. நீங்க தட்டியப் புடிங்க."

அவர் தான் கட்டிய தட்டியைப் போய்ப் பிடித்தார்.

வைத்திலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். முதல் லாரி திரும்பி மணலில் இறங்கியது. காத்தவராயன் குரல் கொடுத்தார்.

"ஐலசா."

இருபத்துநான்கு பேரும் நிமிர்ந்தார்கள். சிவப்புக் கூடு தரையை விட்டு ஒரு முழம் எழும்பியது. கழிகள் கடகடவென்று பேசின. தட்டி வழியாகக் காற்று புகுந்து புறப்பட்டது. பாயும் தார்பாயும் மேலே இருந்திருந்தால் அந்தக் காற்றே அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

"ஐலசா. மெதுவா. ஐலசா. கெழக்கால தாழுது, தூக்கு."

முப்பது எட்டு. ஐம்பது எட்டு. மாலதி கழுத்தை அண்ணாந்து, வளையத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தாள். காலடி தெரியவில்லை. கைகள் கடுத்தன. எண்பது எட்டில் வாய்க்கால் வந்தது. மூன்றடி அகலம், இடுப்பளவு பள்ளம். முன்னால் போனவர்கள் தாண்டினார்கள். நடுவில் இருந்தவர்கள் இறங்கி ஏற வேண்டும். இறங்கினார்கள். மேற்குப் பக்கம் சரிந்தது.

முதலில் கேட்டது மரம் முறிகிற சத்தம். படீர் என்று ஒன்று, உடனே இன்னொன்று. பக்கிரி பிடித்திருந்த தட்டியில், கம்பி கடித்திருந்த இடத்தில், இரண்டு பட்டை ஒடிந்தது. வளையத்திலிருந்து மூன்று கழி உருவிக்கொண்டு வந்து தொங்கின. வளையம் ஒரு பக்கம் சாய்ந்து கவைக்கம்பில் உட்கார்ந்தது. அந்தப் பாரம் முழுக்க மாலதியின் கைக்கு இறங்கியது.

"யாரும் விடாதீங்க." மாலதி கத்தினாள். கம்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இது விழுந்தால் அந்த ரோடுதான். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

வாசல்பக்கத்துத் தட்டி, கம்பி பற்றாமல் விட்டுப்போன தட்டி, அதே சரிவில்தான் இருந்தது. அது ஒடியவில்லை. முடிச்சுக்கு முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, சதுரக் கண்களெல்லாம் சப்பையாகி, வளைந்து கொடுத்தது. ஆட்கள் வாய்க்காலிலிருந்து ஏற ஏற, அதுவும் மெல்ல நிமிர்ந்தது. பக்கிரி கையில் ஒடிந்த பட்டையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புவார் இரண்டு இழை அறுந்தும் விறைத்து நின்றது.

"ஏறியாச்சா?" என்றார் காத்தவராயன்.

"ஏறியாச்சு."

"அப்ப என்னா வேடிக்க? ஐலசா."

எல்லைக்கல்லைத் தாண்டும்போது பின்னால் முதல் லாரி ஜல்லியைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. அதற்கு அப்புறமும் இருபது எட்டு போனார்கள். சவரியம்மாள் பிள்ளைகளை ஓரம்கட்டினாள். கூடு தரையில் உட்கார்ந்தது. ஒருத்தரும் கையை எடுக்கவில்லை. மாலதி சொன்ன பிறகுதான் எடுத்தார்கள்.

திரும்பினால், திடலின் ஓரத்தில் இசைவாணி நின்றுகொண்டிருந்தாள். மூன்று மணிக்கு வர வேண்டியவள் இரண்டேகாலுக்கே வந்துவிட்டாள். தோளில் ஒரு பை, கையில் படிவம்.

"எப்ப வந்தீங்க மேடம்?" என்றாள் மாலதி. 

"நீங்க வாய்க்காலத் தாண்டும்போது." இசைவாணி கூட்டைச் சுற்றி ஒரு நடை வந்தாள். ஒடிந்த பட்டைகளைத் தொட்டாள். மேலே பார்த்தாள். வானம் முழுதாகத் தெரிந்தது. "மேல ஒண்ணும் இல்லியே மாலதி. மூணு மணிக்கு என் கண்ணுல என்னா இருக்கோ அதத்தான் நான் எழுதணும். எம்மேல கோபப்படாத."

"மணி இன்னும் மூணு ஆவல மேடம்."

இசைவாணி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு கவிழ்த்த கூடையின்மேல் உட்கார்ந்தாள். "ஆவல" என்றாள்.

அடுத்த அரைமணி நேரம் எல்லாரும் வேலையில் விழுந்தார்கள். வளையத்தை நேராக்கி மூன்று கழியைச் சொருகினார்கள். ஒடிந்த இடத்தில் பக்கிரி இரண்டு மூங்கில் துண்டை அணைத்தார். கம்பிச்சுருளைத் தேடி ஒரு நொடி அவர் கை போனது. பிறகு வலை முடைகிற நூலை வாங்கிக்கொண்டார். பெண்கள் கோரைப்பாயை விரித்துக்கொண்டே சுற்றி வந்தார்கள். காற்றில் தார்பாய் பிடிக்குள் அடங்காமல் துள்ளியது. ஆறு பேர் அதன்மேல் தொங்கிக் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சவரியம்மாள் வாசலைத் திறந்தாள். முதலில் ஆகாஷ் போனான், இழுத்து இழுத்து. அவனுக்குப் பின்னால் இருபத்தோரு பிள்ளைகள்.

இசைவாணி உள்ளே போய், எண்ணி, வெளியே வந்து படிவத்தை முழங்காலில் வைத்து எழுதினாள். மாலதி பக்கத்தில் போகவில்லை. 

"இடம் இருக்குது, கூரை இருக்குது, புள்ளைங்க இருக்குது" என்று இசைவாணி எழுதியதை வாய்விட்டே படித்துக் காட்டினாள். பேனாவை மூடினாள். "ரோட்டத் தாண்ட வேணாம்."

அப்போது மாலதி அழுதாள். நாலு பேர் பார்க்க, முகத்தை மூடாமல் அழுதாள்.

பக்கிரி அன்று சிதம்பரத்துக்குப் பஸ் ஏறவில்லை, மறுநாளும் ஏறவில்லை. கடலூர் பழைய டவுனுக்குப் போய் இரண்டு புதுக் குறடும் ஒரு கட்டுத் தோல்வாரும் வாங்கி வந்தார். பிள்ளைகள் உள்ளே படிக்கிற நேரத்தில் வெளியே பாயைச் சுருட்டிவிட்டு ஒவ்வொரு கம்பியாக வெட்டினார். அறுந்த தோல்முடிச்சை மாற்றினார். ஐந்தாம் நாள் சாயங்காலம் கடைசிக் கம்பியைத் தகர டப்பாவில் போட்டுவிட்டு மாலதியைக் கூப்பிட்டார்.

"தொட்டுப் பாரு பாப்பா."

அவள் தட்டியில் கையை வைத்துத் தள்ளினாள். சுவர் மெல்ல அசைந்து, அவள் கைக்கே திரும்பி வந்தது.

"ஆடுது மாமா."

முப்பது வருஷம் ஆடாத பந்தல் போட்ட மனுஷர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"ஆடட்டும்" என்றார்.